டைரி ஆப் தேர்வில் நடக்கும் தவறுகள்: பூட்டு இருக்கிறது, வெளியே எடுக்க முடியுமா?

டைரி ஆப் ஒன்றை இறக்கியதும் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது பூட்டு. பின் எண் கேட்கிறதா, விரல் வைத்தால் திறக்கிறதா, அவ்வளவுதான். எழுதியதை எட்டு வருடம் கழித்து வேறொரு கணினியில் திறந்து படிக்க முடியுமா என்று அன்றைக்கே பார்ப்பவர்கள் குறைவு. முதல் பத்துப் பதிவுகளுக்குள் பார்த்துவிட்டால் ஆப்பை மாற்றுவது அரை மணி நேர வேலை. இரண்டாயிரம் பதிவுகள் சேர்ந்த பிறகு அது மாதக்கணக்கில் இழுக்கும்.

திறக்கும்போது வரும் பூட்டைக் குறியாக்கம் என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. குறியாக்கம் என்பது சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி எழுத்தையே மாற்றி வைப்பது. பின் கேட்கும் திரை வாசல் கதவு மாதிரி. உள்ளே இருக்கும் எழுத்து சாதாரண எழுத்தாகவே ஒரு கோப்பில் இருக்கலாம், நிறுவனத்தின் சர்வரிலும் அப்படியே போய்ச் சேரலாம். இன்னொரு ஓட்டையும் உண்டு. பல ஆப்களில் முகமோ விரலோ பொருந்தாவிட்டால் போனின் பின்னையே கேட்டுத் திறந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் உங்கள் போன் பின் தெரியும் என்றால் டைரிக்குப் பூட்டே இல்லை. ஆகவே ஆப்புக்கென்று தனி பின் வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

சர்வரில் இருப்பது யாருக்குப் புரியும் என்பதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்னொரு போனில் ஆப்பை நிறுவி, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்று கொடுத்து, மின்னஞ்சல் வழியாகப் புதிதாக அமையுங்கள். வேறு எதையும் கேட்காமல் பழைய பதிவுகள் எல்லாம் வந்துவிட்டால், பெரும்பாலும் சாவி நிறுவனத்திடமோ, அல்லது நீங்கள் ஏற்கெனவே நுழைந்திருக்கும் கூகுள், ஐகிளவுட் கணக்கிலோ இருக்கிறது என்று பொருள். தனியாக ஒரு சாவியைக் கேட்டால், அது உங்களிடம் மட்டுமே இருக்கும் வகை.

அந்த வகையில்தான் அடுத்த தவறு நடக்கிறது. டே ஒன் 2011-இல் வந்த, பலரும் பயன்படுத்தும் ஆப். அதில் முழுக் குறியாக்கம் போட்ட டைரிக்கு நீளமான சாவி ஒன்று கிடைக்கும். போனும் போய், சாவியும் போனால் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. முடிந்தால் அது முழுக் குறியாக்கமே இல்லை. சாவியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதில் பயனில்லை. தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று என்று வையுங்கள். போனின் தானியங்கி பேக்கப் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டில் அது ஆப் ஒன்றுக்கு 25 எம்பி வரைதான். படங்களோடு எழுதுபவர் அந்த அளவைச் சில வாரங்களில் தாண்டிவிடுவார்.

எக்ஸ்போர்ட் என்றதும் பிடிஎஃப் மட்டும் எடுத்து வைப்பது மூன்றாவது தவறு. தமிழில் எழுதுபவர்களை இது கூடுதலாகக் கடிக்கும். பார்க்க அழகாக இருக்கும், அச்சிடலாம். ஆனால் பல பிடிஎஃப்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகின்றன. கொம்பு முன்னாலும் எழுத்து பின்னாலுமாகப் பிரிந்துவிடும். அதிலிருந்து ஒரு சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். “கொடுத்தேன்” என்பது “ெகாடுத்ேதன்” என்று வந்தால், அந்தக் கோப்பில் எதையும் தேட முடியாது, வேறு ஆப்புக்கும் கொண்டுபோக முடியாது. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வலி தெரியும்: திரையில் எழுத்து இருந்தது, எழுத்துரு போனதும் கோப்பில் தமிழே இல்லை.

பிடிஎஃப் படிப்பதற்கு இருக்கட்டும். பாதுகாத்து வைக்க, வேறு ஆப்களும் படிக்கக்கூடிய ஜேசான் என்ற எழுத்து வடிவமோ சாதாரண எழுத்துக் கோப்போ வேண்டும். டே ஒன்னில் ஜேசான் எடுத்தால் ஒரு ஜிப் கிடைக்கும். அதற்குள் எழுத்துக்கு ஒரு கோப்பும் படங்களுக்கு ஒரு ஃபோல்டரும் இருக்கும். எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒரு பதிவு ஏறக்குறைய இப்படித் தெரியும்:

```
"creationDate" : "2019-03-14T18:50:00Z",
"timeZone" : "Asia\/Kolkata",
"text" : "... ![](dayone-moment:\/\/9F2C...)"
```

இதை எழுதியவர் மார்ச் 15, நள்ளிரவு 12.20-க்கு எழுதினார். கோப்பிலோ மார்ச் 14, மாலை 6.50 என்று இருக்கிறது. கோப்பு கெடவில்லை. கடைசியில் உள்ள Z உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். வேறு ஆப்புக்கு மாற்றும்போது timeZone வரியை அந்த ஆப் படிக்காவிட்டால், நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் எழுதியவை எல்லாம் முந்தின நாளில் போய் உட்காரும். பிறந்த நாள், இறந்த நாள் எழுதிய டைரியில் ஒரு நாள் பிசகுவது சின்ன விஷயமில்லை.

படத்துக்கும் இதே கவனம் வேண்டும். எழுத்துக்குள் இருப்பது படம் அல்ல, ஓர் அடையாள எண். அதே பதிவில் சற்றுத் தள்ளி, அந்த எண்ணுக்கு எதிரே md5 என்ற நீண்ட எழுத்துத் தொடர் இருக்கும். ஃபோல்டரில் படத்தின் பெயர் அந்தத் தொடர்தான். எனவே படங்களை மட்டும் தனியே எடுத்துப் பெயர் மாற்றி அடுக்கினால், எது எந்த நாளுக்குரியது என்ற தொடர்பு அறுந்துவிடும். ஜிப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

பதிவுகளை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகத் தரும் ஆப் என்றால் எக்செல்லில் நேரடியாகத் திறக்காதீர்கள். தமிழ் முழுக்க à®… என்று குப்பையாகத் தெரிய வாய்ப்பு அதிகம். பதறிப்போய் சேமித்தால்தான் உண்மையில் கெடும். மூடிவிட்டு, Data பகுதியில் From Text/CSV வழியாக, குறிமுறையை 65001: Unicode (UTF-8) என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாக வரும்.

பலர் யோசிக்காத இடம் ஒன்று மீதமிருக்கிறது. ஆப் எவ்வளவு பூட்டியிருந்தாலும், எக்ஸ்போர்ட் ஆன கோப்பு பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வெளியே வரும். அது டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும், சில கணினிகளில் தானாகவே கிளவுடுக்கும் ஏறிவிடும். சாதாரண ஜிப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ளே உள்ள கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். பழைய ஜிப் பூட்டு முறை எளிதில் உடையவும் செய்யும். செவன் ஜிப் மென்பொருளின் கட்டளை வரியில் 7z வடிவம் எடுத்து, -mhe=on சேர்த்தால் பெயர்களும் மறையும்:

```
7z a -p -mhe=on diary-2025.7z diary-2025
```

கட்டளை கொடுத்ததும் பாஸ்வேர்டை அதுவே கேட்கும். கட்டளையிலேயே பாஸ்வேர்டை அடித்தால் கணினியின் கட்டளை வரலாற்றில் அது தங்கிவிடும். பூட்டிய கோப்பைத் திறந்து பார்த்த பிறகே பூட்டாத நகலை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

ஆப்பை முடிவு செய்வதற்கு முன் ஐந்து சோதனைப் பதிவுகள் எழுதுங்கள். “கொ”, “தௌ”, “ஸ்ரீ” உள்ள தமிழ்ப் பதிவு ஒன்று, இரண்டு படங்களோடு ஒன்று, நள்ளிரவு தாண்டி எழுதியது ஒன்று, குறிச்சொல் போட்டது ஒன்று, குரல் பதிவோடு ஒன்று. எக்ஸ்போர்ட் எடுத்து, அந்த ஆப் இல்லாத கணினியில் திறங்கள். ஐந்தும் தேதி மாறாமல், படத்தோடும் ஒலியோடும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எக்ஸ்போர்ட் வசதி கட்டணச் சந்தாவுக்குள் இருக்கிறதா, சந்தா முடிந்த பிறகும் வேலை செய்யுமா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஓர் இடத்தில் பிசகினாலும், ஐந்து பதிவுகளை விட்டுவிட்டு அடுத்த ஆப்பைப் பார்க்கலாம். எழுதத் தொடங்கிய பிறகு, வருடத்துக்கு ஒரு முறை, தேதி குறித்து, இதே எக்ஸ்போர்ட்டை மறுபடி எடுங்கள். போன வருடக் கோப்போடு ஒப்பிட்டால் பதிவுகளின் எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். குறைந்திருந்தால், பழைய கோப்பை அழிக்காமல், விட்டுப்போனவை எந்த மாதத்தவை என்று தேடுங்கள்.