ஜெனரேட்டர் ஓடுது, சுடுதண்ணி மட்டும் வரல: ஹோட்டல் மெயின்டெனன்ஸ்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்க லாட்ஜ், ஹோட்டல்ல சுடுதண்ணிக்கு பெரிய நெருக்கடி காலையில 5 மணிக்குதான், திருச்செந்தூர் போறவங்க எல்லாரும் விடியறதுக்குள்ள குளிச்சுட்டு கிளம்பணும்னு நிப்பாங்க. ராத்திரி கரண்டு போயிட்டு வந்திருந்தா அன்னைக்குன்னு பாத்து ரூம் ரூமா ரிசப்ஷனுக்கு போன் வரும். லைட்டு எரியுது லிஃப்ட் ஓடுது, அதனால எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நைட் ஷிப்ட் ஆளு நம்பிருப்பாரு, பாய்லர் ரூம்ல பர்னர் பேனல்ல சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருந்திருக்கும், அதைத்தான் யாரும் போய் பாத்திருக்க மாட்டாங்க.

அது லாக்அவுட். டீசல் பர்னர் ஸ்டார்ட் ஆகும்போது மொதல்ல பேன் ஓடி உள்ள இருக்க காத்தை வெளிய தள்ளும், அப்புறம் ஸ்பார்க், அப்புறம் டீசல் ஸ்ப்ரே. சில செகண்டுக்குள்ள போட்டோசெல்லுக்கு தீ தெரியலன்னா கண்ட்ரோலர் தானா நிறுத்திரும், ஆளு போய் ரீசெட் அமுக்குற வரைக்கும் திரும்ப எடுக்காது.

சரி, ஏன் தீ பிடிக்கல? ஜெனரேட்டர் லோடு எடுத்த அந்த நிமிஷமே லிஃப்ட், பிரஷர் பம்ப், ஏசி எல்லாம் ஒண்ணா கிளம்புது. நேரா ஸ்டார்ட் ஆகுற மோட்டார் சாதாரணமா எடுக்குறதை விட 6 மடங்கு கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் கீழ இறங்கும், ஸ்பார்க் வீக்காயிரும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஏத்துறதுதான் இங்க நடக்குற மொத தப்பு. லிஃப்ட்டை தள்ளிப்போட முடியாது, உள்ள ஆளு மாட்டியிருப்பாங்க. ஆனா பர்னரை தள்ளிப்போடலாம், டேங்க்ல இருக்க சூடு 2 நிமிஷத்துல ஆறிராது. பர்னர் லைன்ல ஒரு ஆன்-டிலே டைமர் போட்டு 2 நிமிஷம் வைங்க, ஏசி அதுக்கும் பொறவு. அதே மாதிரி ஈபி வந்ததும் உடனே மாத்தாதீங்க, நம்ம பக்கம் ஆனி ஆடி காத்துல கரண்டு வரும் போகும் வரும், பர்னர் பாவம் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்துல இருந்து எடுக்கணும். ஈபி 5 நிமிஷம் நிலையா நின்ன பொறவு மாறுற மாதிரி பேனல்ல செட் பண்ணிருங்க.

ரெண்டாவது தப்பு உண்மையிலேயே ஆபத்தானது. சிவப்பு லைட்டை பாத்ததும் ரீசெட்டை விடாம அமுக்கிட்டே இருக்காங்க அண்ணாச்சி, இது கூடவே கூடாது. தீ பிடிக்காத ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் உள்ள தங்கும், கடைசியா பிடிக்கும்போது மொத்தமா எரிஞ்சு பாய்லர் கதவையே தூக்கி அடிச்சிரும். ஒரு தடவை ரீசெட் பண்ணுங்க, எடுக்கலன்னா நிறுத்திட்டு டீசல் வருதா, பில்டர் அடைச்சிருக்கா, போட்டோசெல்ல கரி படிஞ்சிருக்கான்னு பாருங்க. கரி படிஞ்சிருந்தா தீ எரிஞ்சாலும் அதுக்கு தெரியாது, ஒரு சுத்தமான துணியால தொடச்சாலே பாதி நேரம் சரியாயிரும்.

சீக்கிரம் கண்டுபிடிக்கணும்னு ஏன் சொல்லுதேன்னா, 2000 லிட்டர் டேங்க் 30 டிகிரிக்கு ஆறிருச்சுன்னு வைங்க, அதை 60க்கு ஏத்த 60,000 கிலோகலோரி வேணும். மணிக்கு 1 லட்சம் கிலோகலோரி பாய்லர்னா கணக்குப்படி 36 நிமிஷம், லைன்ல போற சூட்டையும் சேத்தா முக்கால் மணி நேரம். அதுவும் யாரும் தண்ணி திறக்காம இருந்தாதான். போர் தண்ணி உப்பு காயில்ல படிஞ்சிருந்தா இன்னும் இழுக்கும். 5 மணிக்கு போன் வந்த பொறவு பர்னரை எடுத்து என்ன பிரயோஜனம்? அதனால ஜெனரேட்டர் எடுத்து 5 நிமிஷத்துல ஒருத்தர் பாய்லர் ரூமுக்கு போயே ஆகணும், ஈபி திரும்ப வந்த பொறவும் ஒருக்கா.

கம்ப்ளெயின்ட் வந்த கோவத்துல தெர்மோஸ்டாட்டை 80க்கு ஏத்தி விடுறவங்களும் இருக்காங்க, குழாயை திறந்த குழந்தைக்கு கை வெந்து போயிரும். டீசல் மிச்சம்னு 45ல வைக்குறதும் தப்பு, அந்த சூட்டுல லீஜியோனெல்லா கிருமி வளரும். டேங்க்ல 60, திரும்பி வர்ற லைன்ல 50க்கு குறையக்கூடாது, குளிக்குற சூட்டுக்கு ரூம் மிக்ஸர்ல கலந்துக்கிடலாம்.

இவ்வளவும் முன்கூட்டியே ஏன் தெரியலன்னா, வாராவாரம் டெஸ்ட்னு ஜெனரேட்டரை லோடே இல்லாம 5 நிமிஷம் ஓட்டி ரெஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுருதாங்க. அதுல பேட்டரி நல்லாருக்குன்னு தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. லோடு இல்லாம ஓட்டிட்டே இருந்தா டீசல் சரியா எரியாம சைலன்சர் பக்கம் கருப்பா எண்ணெய் மாதிரி கசியும். மாசம் ஒருக்கா மத்தியானம் ரூம் காலியா இருக்க நேரமா பாத்து ஈபி மெயினையே ஆப் பண்ணி, 30 சதவீதத்துக்கு குறையாத லோடுல அரை மணி நேரம் ஓட்டுங்க, பர்னர் தானா எடுக்குதான்னு பக்கத்துல நின்னு பாருங்க. ஜெனரேட்டர் கேபிளை கழட்டி சர்வீஸ் பண்ணிருந்தா பம்ப் மோட்டார் எந்த பக்கம் சுத்துதுன்னு அம்புக்குறியோட ஒப்பிட்டு பாருங்க, பேஸ் மாறி பம்ப் தலைகீழா சுத்துனாலும் கொஞ்சம் தண்ணி வரத்தான் செய்யும், மேல் மாடிக்கு மட்டும் ஏறாது.