இன்டர்வியூவில் ஜோக் வேண்டாம், ஒரு வரி போதும்

டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தோம். சப்ளையர்களின் பில்லைச் சரிபார்த்துப் பணம் அனுப்பும் வேலை. மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்: கணக்குப் பிரிவு மேனேஜர், எச்.ஆர். அம்மா, நான். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பையன் வந்தான். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. பிப்ரவரி மாதத்து டர்பனில் அது பயத்தாலா வெயிலாலா என்று சொல்ல முடியாது. உட்கார்ந்ததும், “ஒரு ஜோக்கோட ஆரம்பிக்கட்டுமா?” என்றான்.

அவன் சொன்னது பழைய ஜோக்தான். மூன்று கணக்கர்கள் வேலைக்குப் போகிறார்கள், இரண்டும் இரண்டும் எத்தனை என்று கேட்கிறார்கள். முதல் ஆள் நான்கு என்கிறான். இரண்டாவது ஆள் கால்குலேட்டரைத் தேடுகிறான். மூன்றாவது ஆள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, “எத்தனை வரணும் சார்?” என்று கேட்கிறான். எனக்குப் பிடித்த ஜோக் அது. ஆனால் பையன் பதற்றத்தில் இரண்டாவது ஆளுக்கு முன்னால் மூன்றாவது ஆளைச் சொல்லிவிட்டான், “இல்ல, இல்ல” என்று திரும்பிப் போனான், கடைசி வரியை விழுங்கினான். மேனேஜர் உதட்டளவில் சிரித்தார். எச்.ஆர். அம்மா தாளைப் பார்த்தார். அமைதி தாங்காமல் பையன் ஜோக்கை விளக்கவும் தொடங்கினான். அதோடு முதல் கேள்விக்கான பதிலும் போயிற்று. சப்ளையர் அனுப்பும் ஸ்டேட்மென்டை நம் லெட்ஜரோடு எப்படி ஒத்துப்பார்ப்பாய் என்பது அவனுக்குத் தெரிந்த விஷயம். அன்றைக்கு வரவில்லை.

தடுமாறியது மட்டுமே அவன் தவறு என்று சொல்ல முடியாது. அடுத்தவர் பணத்தைக் கையில் கொடுக்கும் வேலை அது. நாங்கள் சோதித்துக்கொண்டிருந்ததே நேர்மையைத்தான். அந்த அறையில் கணக்கைத் திருத்துகிற கணக்கனைப் பற்றி ஜோக்! அழகாகச் சொல்லியிருந்தாலும் உறுத்தியிருக்கும்.

முழு ஜோக் என்றால் எதிரில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். முப்பது, நாற்பது விநாடி காது கொடுக்க வேண்டும், யார் யார் என்று நினைவில் வைக்க வேண்டும், கடைசியில் சிரிக்கவும் வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்று பல இன்டர்வியூ குழுக்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருக்கும். அவர்கள் சிரிக்கவில்லை என்றால் ஜோக் தோற்றது என்றுகூட அர்த்தமில்லை. ஆனால் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாதே. அந்த அமைதியைத் தன் மேல் விழுந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்வார். அடுத்த பத்து நிமிஷம் அதிலேயே கரையும்.

அதே நாள் மதியம் ஒரு பெண் வந்தாள். தண்ணீர் ஊற்றும்போது கை நடுங்கி மேஜையில் கொஞ்சம் சிந்திவிட்டது. “நல்லவேளை, சர்ட்டிபிகேட்டுக்குத் தண்ணி காட்டல” என்று சொல்லிக்கொண்டே டிஷ்யூவால் துடைத்தாள். (அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.) யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. மேனேஜர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார், அவள் நன்றி சொன்னாள், முதல் கேள்வி தொடங்கியது. மொத்தம் நான்கு விநாடி. அந்த ஒரு வரியைச் சொல்லி முடிக்கும்போது அவள் மூச்சை முழுதாக விட்டிருந்தாள். குரல் கீழே இறங்கியிருந்தது.

சின்னப் பேச்சின் பலன் அவ்வளவுதான், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் மதிப்பெண் தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை கட்டம் இருந்தது. நகைச்சுவைக்குக் கட்டம் இல்லை. அவளுக்கு மதிப்பெண் வந்தது பதில்களால். அந்தப் பதில்கள் தடையில்லாமல் வர அந்த வரி உதவியது.

இந்த வரி எங்கே வரவேண்டும் என்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். கேள்விக்கு முன்னால் வரலாம், இரண்டு கேள்விக்கு நடுவில் வரலாம். பதிலுக்குள் வரக்கூடாது. நீங்கள் பதில் சொல்லும்போது நாங்கள் எழுதிக்கொண்டிருப்போம். வங்கிக் கணக்கு எண் மாறியதாக ஒரு சப்ளையர் மின்னஞ்சல் அனுப்பினால் என்ன செய்வாய் என்று கேட்டோம். “நேரா அவங்க ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்பேன், மெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, நம்ம ஃபைல்ல இருக்கிற பழைய நம்பருக்கு” என்பது தங்கமான பதில். அதற்கு நடுவில் மோசடிக்காரர்களைப் பற்றி ஒரு கிண்டல் வந்தால், பாதிப் பேர் கிண்டலைக் கேட்டுவிட்டுப் பழைய நம்பரை எழுதாமல் விடுவார்கள்.

தன்னைத்தானே கிண்டல் செய்தால் ஆபத்தில்லை என்பார்கள். எதைக் கிண்டல் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. 1966இல் எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவில் ஒருவர் பதில் சொல்வதை மாணவர்களுக்கு ஒலிநாடாவில் போட்டுக்காட்டினார்கள். நன்றாகப் பதில் சொன்னவர் கடைசியில் காபியைத் தன்மேல் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. சுமாராகப் பதில் சொன்னவர் கொட்டிக்கொண்டபோது இருந்த மதிப்பும் குறைந்தது. தண்ணீர் சிந்தியதைச் சொல்லிச் சிரிக்கலாம். சிந்துவதற்கும் கணக்கு வேலைக்கும் சம்பந்தமில்லை. “எனக்கு எப்பவுமே கணக்கு கொஞ்சம் உதைக்கும், ஹிஹி” என்று கணக்கு வேலைக்கு வந்தவர் சொன்னால் அது பணிவு ஆகாது, வாக்குமூலம். இப்படி ஒருவர் உண்மையிலேயே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நமக்கென்று இன்னொரு குழி உண்டு. நம் வீட்டு விசேஷங்களில் நம்மவர்களையே கிண்டல் செய்து சிரிப்போம்; அங்கிள், ஆன்ட்டி எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதே கிண்டலை இன்டர்வியூவில் ‘நான் என் ஆட்களைத்தானே சொன்னேன்’ என்று எடுத்துவிடாதீர்கள். குழுவில் ஜூலு பேசுபவர், ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர், நம்மவர் என்று கலந்து இருப்பார்கள். 1998இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் இனம், மதம், மொழி முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. வேலைக்கு விண்ணப்பிக்க வந்தவருக்கும் அது பொருந்தும். இனத்தைத் தொட்ட ஒரு ஜோக்குக்கு எச்.ஆர். அதிகாரி சிரித்தார், பிறகு வேலை கொடுக்கவில்லை என்றால் அந்தச் சிரிப்பே அவருக்கு வினையாகலாம். அதனால் வேடிக்கையாக இருந்தாலும் சிரிக்க மாட்டார். மின்வெட்டைப் பற்றி அரசாங்கத்தைச் சாடுவதும் இதே கதைதான். எதிரில் இருப்பவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆகவே பேச்சுக்குப் பொருள் அந்த அறையிலேயே கிடைக்க வேண்டும். லிப்ட் வேலை செய்யாமல் ஆறு மாடி ஏறி வந்தீர்களா? “நேரத்துக்கு வந்துட்டேன், மூச்சுதான் இன்னும் நாலாவது மாடியில இருக்கு” என்றால் எல்லாருக்கும் புரியும். அவர்களும் காலையில் அதே படியில்தான் ஏறினார்கள். வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போன வரி இப்படிப் பொருந்தாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வீடியோ அழைப்பில் நடக்கும் இன்டர்வியூ என்றால் நான் இதையும் தவிர்க்கவே சொல்வேன். ஒலி ஒரு நொடி பிந்தி வரும், மறுபக்கம் மைக்கை அடைத்து வைத்திருப்பார்கள், உங்கள் வரி கிணற்றில் போட்ட கல் மாதிரி போகும்.

சொன்ன வரிக்கு யாரும் முகம் மலரவில்லை என்றால் விளக்கவும் வேண்டாம், மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், ஈடுகட்ட இன்னொன்று சொல்லவும் வேண்டாம். “சொல்லுங்க மேடம்” என்று கேள்விக்குத் திரும்பிவிடலாம். அந்தப் பெண் அதைத்தான் செய்தாள். மேஜையின் ஈரம் காய்வதற்குள் அவள் லெட்ஜரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.