இன்டர்வியூ முடிந்து பதில் இல்லையா? மெயிலா, லிங்க்ட்இனா, போனா?

கடலூர் முதுநகரில் இருக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. "வெள்ளிக்குள்ள சொல்றோம்" என்றார் எச்.ஆர். மேடம். வெள்ளி போய் ஞாயிறும் வந்துவிட்டது. வீட்டில் "போன் போட்டுக் கேளேன்டா" என்கிறார்கள். கேட்கலாம். ஆனால் முதலிலேயே போன் வேண்டாம்.

படி 1: எப்போது கேட்பது

அவர்கள் சொன்ன நாளுக்கு மேல் இரண்டு வேலை நாள் விடுங்கள். வெள்ளி என்றால் செவ்வாய் காலை கேட்கலாம். நாளே சொல்லவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள்.

கூடவே காலண்டரையும் பாருங்கள். சின்ன கம்பெனிகளில் ஆள் எடுப்பதும் சம்பளம் போடுவதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். மாத முதல் வாரம் வருகைப் பதிவும் சம்பளமும் அவர் தலையில் இருக்கும். 15ஆம் தேதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டும். அந்த நாட்களில் வரும் போன் தொந்தரவாகத்தான் தெரியும். மெயில் என்றால் அவருக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்வார்.

படி 2: எந்த வழியில் கேட்பது

உங்களை எப்படி அழைத்தார்களோ அப்படியே திரும்பப் போவதுதான் மரியாதை. நம் பையனுக்கு இன்டர்வியூ அழைப்பு மெயிலில் வந்தது. அதனால் மெயில். வெறும் போனில் கூப்பிட்டு "நாளைக்கு பத்து மணிக்கு வாங்க" என்று சொன்ன பட்டறை என்றால், போனில் கேட்பதுதான் சரி. அங்கே மெயில் பெட்டியை யாரும் திறக்காமலேயே கிடக்கலாம். லிங்க்ட்இன் மெசேஜில் ஆரம்பித்த பேச்சு என்றால் அங்கேயே தொடருங்கள்.

படி 3: மெயில்

புது மெயில் எழுதாதீர்கள். அழைப்பு வந்த மெயிலைத் திறந்து Reply கொடுங்கள். எந்த வேலை, எந்தத் தேதி என்பதெல்லாம் கீழே அப்படியே இருக்கும், அவர் தேட வேண்டியதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு எழுதினால் ஜிமெயிலில் Schedule send போட்டுக் காலையில் போகும்படி வையுங்கள்.

> வணக்கம் மேடம்,
> கடந்த செவ்வாய்க்கிழமை மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். வெள்ளிக்குள் தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். முடிவு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். வேறு சான்றிதழ் ஏதும் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்.
> நன்றி.
> (பெயர், போன் எண்)

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். "என் குடும்ப நிலைமை", "சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கள்", "எத்தனை நாள் காத்திருப்பது" இவை எதுவும் வேண்டாம். "வெள்ளிக்குள் தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள்" என்ற ஒரு வரியே போதும், அவருக்கே புரியும்.

படி 4: போன்

மூன்று வேலை நாள் ஆகியும் மெயிலுக்குப் பதில் இல்லையா? இப்போது ஒரு முறை கூப்பிடுங்கள். காலை பதினொன்று பன்னிரண்டு மணி வாக்கில் நல்லது. ஷிஃப்ட் மாறும் மதியம் இரண்டு மணி வேண்டவே வேண்டாம். மிஸ்டு கால் கொடுத்துவிட்டு அவர் கூப்பிடுவார் என்று உட்காராதீர்கள். எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

மெயில் பாஷையைப் போனில் ஒப்பித்தால் கேட்க விசித்திரமாக இருக்கும். இப்படிப் பேசலாம்:

"வணக்கம் மேடம், கடலூர்லேர்ந்து பேசறேன், போன வாரம் மெயின்டனன்ஸ் இன்டர்வியூக்கு வந்திருந்தேன். இப்ப ஒரு நிமிஷம் பேசலாமா?"

வணக்கம் சொன்ன கையோடு உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காதீர்கள். "மீட்டிங்ல இருக்கேன்" என்றால் "சரிங்க மேடம், எப்ப கூப்பிடலாம்?" என்று நேரம் வாங்கிக்கொண்டு வைத்துவிடுங்கள். "இன்னும் மேலேயிருந்து வரலை" என்றால் அது பெரும்பாலும் உண்மைதான். ஏன் என்று குடையாமல், அடுத்து எப்போது கேட்கலாம் என்று மட்டும் கேளுங்கள். பேசி முடித்ததும் அதே மெயிலில் இரண்டு வரி போடுங்கள்: "இன்று பேசியதற்கு நன்றி. நீங்கள் சொன்னபடி 20ஆம் தேதிக்குப் பிறகு தொடர்புகொள்கிறேன்."

அப்போ லிங்க்ட்இன்?

இன்டர்வியூவில் கேள்வி கேட்ட புரொடக்‌ஷன் மேனேஜர் அங்கே இருப்பார். அவரிடம் போய் "என் ரிசல்ட் என்ன சார்?" என்று கேட்பதுதான் பலரும் செய்யும் காரியம். முடிவைச் சொல்ல வேண்டியது எச்.ஆர்.; இவர் சொன்னாலும் சிக்கல், சொல்லாவிட்டாலும் சங்கடம். அதனால் பதில் கிடைக்காமல் தவிக்கும்போது வாசலை மாற்றி இவரைத் தட்டாதீர்கள்.

அவருக்கு அனுப்ப வேண்டியது வேறு மாதிரி. தொடர்பு இல்லாதவருக்கு Connect கொடுக்கும்போது சின்னக் குறிப்பு ஒன்றுதான் எழுத முடியும். இலவசக் கணக்கில் இடம் ரொம்பக் குறைவு. "மதிப்பிற்குரிய ஐயா" என்று கடிதம் போல ஆரம்பித்தால் அதிலேயே பாதி போய்விடும்.

> வணக்கம் சார். செவ்வாய் இன்டர்வியூவில் பம்ப் சீல் கசிவு பற்றி நீங்கள் விளக்கியது உதவியாக இருந்தது. தொடர்பில் இருக்க விரும்புகிறேன்.

வேலை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, கவனித்தீர்களா? அனுப்பும் முன் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தப்பாக எழுதிவிட்டோம் என்று கோரிக்கையைத் திரும்ப எடுத்தால், அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

"வேற ஆளை எடுத்துட்டோம்" என்று எச்.ஆர். சொல்லிவிட்டால் இந்தக் குறிப்பை அனுப்ப அதுவே நல்ல நேரம். இனி அதில் எந்த எதிர்பார்ப்பும் இருப்பதாக மேனேஜருக்குத் தோன்றாது.