கொள்முதல் பில் சோதனை: பொறுக்கி எடுத்த பில்களை வைத்து மொத்தத்தையும் அளக்காதீர்கள்

ஆடிட்டுக்குப் புதிதாக வருகிறவர்களின் ஒர்க்கிங் பேப்பரைப் புரட்டும்போதெல்லாம், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. கூட்டல் பிழை, தேதி விட்டுப்போவது போன்றவற்றை நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்வீர்கள். கொள்முதல் பில்களைச் சோதிக்கும்போது புள்ளியியல் முறையில் சாம்பிள் எடுப்பதா, அனுபவத்தை வைத்துப் பொறுக்கி எடுப்பதா என்று முடிவு செய்யும் இடத்தில் நடக்கும் தவறுகள் அப்படியல்ல. முக்கியமாக ஒன்று இருக்கிறது. இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பெரிய பில்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதுவது

ஒரு நிறுவனத்தில் வருடத்துக்கு 4,000 கொள்முதல் பில்கள், மொத்த மதிப்பு 10 கோடி என்று வைத்துக்கொள்வோம். அதில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட பில்கள் 60. அந்த 60 மட்டுமே 5.5 கோடி வருகிறது. புதியவர் என்ன செய்வார்? மதிப்பை வைத்து வரிசைப்படுத்தி, மேலே உள்ள 60 பில்களை எடுப்பார். பர்சேஸ் ஆர்டர், சரக்கு வந்ததற்கான ஜி.ஆர்.என்., பில் மூன்றையும் ஒப்பிடுவார். ஒரு தவறும் இருக்காது. உடனே பேப்பரில், “60 பில்கள் சோதிக்கப்பட்டன, பிழை இல்லை. 95% நம்பிக்கையோடு கொள்முதல் கணக்கு சரி” என்று எழுதிவிடுவார்.

60 என்ற எண்ணும் 95% என்ற எண்ணும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன என்று எனக்குத் தெரியும். சாம்பிள் அளவுப் பட்டியலில் பார்த்திருப்பார். 5% வரை விலகலைப் பொறுத்துக்கொள்ளலாம், விலகலே இருக்காது என்று எதிர்பார்க்கிறோம், 95% நம்பிக்கை வேண்டும் என்றால் 59 பில்கள் போதும். கணக்கு சரிதான். ஆனால் 4,000 பில்களில் ஒவ்வொன்றும் குலுக்கலில் வர வாய்ப்பு இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். மேலே இருந்து 60 எடுத்தபோது மீதி 3,940 பில்களுக்கு வாய்ப்பே இல்லை. அவற்றைப் பற்றி அந்தச் சோதனை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. 4.5 கோடி யாரும் பார்க்காமலே கடந்துவிட்டது.

சரி, பாதிக்கு மேல் மதிப்பைப் பார்த்துவிட்டோமே, மீதியும் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பெரிய பில் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும், மேலதிகாரி ஒரு தடவை பார்ப்பார், ஜி.ஆர்.என். இல்லாமல் பணம் போகாது. லாரி வாடகை, பழுதுபார்ப்பு, அவசரத்துக்கு வாங்கிய உதிரிப்பாகம் போன்ற சிறிய பில்களுக்கு ஒரே கையெழுத்து. பல நேரம் பர்சேஸ் ஆர்டரே இருக்காது. இரண்டும் வேறு வேறு வழியில் வந்தவை. ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது.

நான் பார்த்த ஓர் இடத்தில் இதே கதைதான். பெரிய பில்கள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒரு போக்குவரத்துக்காரரிடமிருந்து வந்த கணக்கு அறிக்கையை லெட்ஜரோடு ஒத்துப் பார்த்தபோதுதான், அவருக்கு அதிகப் பணம் போயிருப்பது தெரிந்தது. ஒரே பில் INV-1047 என்று ஒரு தடவை, INV1047 என்று இன்னொரு தடவை பதிவாகியிருந்தது. முதலாவது மெயிலில் வந்த நகலை வைத்து, இரண்டாவது தபாலில் வந்த மூலத்தை வைத்து. மென்பொருள் பில் எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் தடுக்கும். நடுவில் ஒரு சிறு கோடு இருந்ததால் இரண்டையும் வேறு பில்லாக எடுத்துக்கொண்டது. தேடிப் பார்த்தால் அதே மாதிரி இன்னும் பல. எல்லாமே சிறிய பில்கள். மேலே இருந்து எத்தனை எடுத்திருந்தாலும் இவை சிக்கியிருக்காது.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. சந்தேகமான 25 பில்களைத் தேடி எடுத்து, அதில் 5 தவறு என்றதும், “பிழை விகிதம் 20%” என்று மொத்தத்துக்கும் பரப்பிவிடுவார்கள். ஒரு கூட்டத்தில் நிதி மேலாளர் நேராகக் கேட்டார்: “சார், சந்தேகப்பட்டதையே தேடி எடுத்துட்டு எல்லாமே இப்படித்தான்னு எப்படிச் சொல்றீங்க?” பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அவர் கேட்டது நியாயம். அந்த 5 பில்களும் தவறுதான், அவற்றைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் 20% என்ற எண்ணுக்கு அடிப்படை கிடையாது.

சர்வதேசத் தணிக்கைத் தரநிலைகள் ஐ.எஸ்.ஏ. 500, ஐ.எஸ்.ஏ. 530 இரண்டும் சேர்ந்து இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கின்றன. எல்லாப் பில்களுக்கும் தேர்வாகும் வாய்ப்பு இருந்தால்தான் அது சாம்பிளிங். பெரியவை, விநோதமானவை என்று குறிப்பிட்டு எடுப்பது நல்ல சோதனைதான், ஆனால் அது சாம்பிளிங் அல்ல; அதன் முடிவு எடுத்த பில்களோடு நின்றுவிடும். குழப்பம் வருவது, இதற்கும் புள்ளியியல் இல்லாத சாம்பிளிங்குக்கும் நாம் ‘ஜட்ஜ்மென்ட்’ என்ற ஒரே பெயரை வைத்திருப்பதால். புள்ளியியல் இல்லாமலும் மொத்தத்தைப் பிரதிபலிக்கும்படி சாம்பிள் எடுக்கலாம். அப்படி எடுத்தால் கிடைத்த பிழையை மொத்தத்துக்கும் விரித்துப் பார்க்க வேண்டிய கடமையும் உண்டு. 95% என்று மட்டும் எழுத முடியாது.

அதே 4,000 பில்களை எப்படிப் பார்த்திருக்கலாம்? மேலே உள்ள 60 பில்களை முழுக்கப் பாருங்கள். அது சாம்பிளே இல்லை, நூற்றுக்கு நூறு சோதனை. அப்புறம் மீதி 3,940 பில்களைத் தனிக் கூட்டமாக வைத்து, அதிலிருந்து குலுக்கல் முறையில் 60 எடுங்கள். இரண்டு பில்களில் ஜி.ஆர்.என். இல்லை என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். 60க்கு 2 என்றால் 3 சதவீதம்தானே, 5க்குக் கீழேதானே என்று நிம்மதி அடையக் கூடாது. 95% நம்பிக்கையில் உண்மையான விகிதம் சுமார் 10% வரை இருக்கலாம் என்பதே அதன் பொருள். பில்லோடு ஜி.ஆர்.என். இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நம்ப முடியாது.

இந்த இடத்தில் இன்னும் 20 எடுப்போம், சரியாக வந்துவிடும் என்று தொடரக் கூடாது. தொகையைச் சோதிக்கும் வேலைக்கு மாறுங்கள். 4.5 கோடியில் 30 லட்சம் வரை பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், ஒவ்வொரு ரூபாயையும் ஓர் அலகாக எண்ணித் தேர்வு செய்யும் பண அலகு சாம்பிளிங்கில் 30 லட்சத்தை 3 ஆல் வகுத்து 10 லட்சம் இடைவெளி, ஆக 45 தேர்வுகள் என்று வரும். அந்த 3 என்ற எண் 95% நம்பிக்கைக்கும் பிழையே வராது என்ற எதிர்பார்ப்புக்கும் உரியது. 60இல் 2 பார்த்த பிறகு அந்த எதிர்பார்ப்பு செல்லாது. அதனால் இடைவெளியை 5 லட்சமாகக் குறைத்து 90 எடுக்கிறோம். ஒரு பில் 80,000க்குப் பதிவாகியிருக்கிறது, இருக்க வேண்டியது 60,000. பிழை 20,000 மட்டும் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பில்லில் நான்கில் ஒரு பங்கு தவறு. அந்தப் பில் தன் 5 லட்சத்துக்கும் சேர்த்துத்தான் பேசுகிறது. எனவே விரித்துப் பார்த்த பிழை 1.25 லட்சம். மற்ற 89இல் ஒன்றும் இல்லை என்றால், பிழையின் மேல் எல்லை சுமார் 17 லட்சம். 30 லட்சத்துக்குள் இருக்கிறது. இப்போது 95% என்று எழுதலாம், அதுவும் அந்த 4.5 கோடியைப் பற்றி மட்டும்.

மோசடியைக் குலுக்கலில் தேடுவது

புள்ளியியல்தான் உயர்ந்தது என்று எல்லாவற்றுக்கும் அதையே நீட்டுவதும் தவறு. 4,000 பில்களில் 5 போலிப் பில்கள் ஒளிந்திருந்தால், குலுக்கலில் எடுத்த 60இல் ஒன்றாவது சிக்க நூற்றுக்கு 7 வாய்ப்புதான். பரவலாக இருக்கும் பிழையை அளக்கத்தான் அந்த முறை. எண்ணி நான்கைந்து என்று ஒளித்து வைத்ததைப் பிடிக்க அனுபவம்தான் வேண்டும்.

ஒரு சப்ளையரின் பில் எண்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஜனவரியில் 31, பிப்ரவரியில் 32, மார்ச்சில் 33 என்று இடைவெளியே இல்லாமல் வந்தால், அவருக்கு வேறு வாடிக்கையாளரே இல்லை என்று பொருள். நிஜ வியாபாரம் செய்கிறவருக்கு அது நடப்பது அபூர்வம். ஒப்புதல் வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே நிற்கும் தொகைகள், ஒரே நாளில் இரண்டாக உடைத்த பில்கள், சமீபத்தில் வங்கிக் கணக்கு எண் மாற்றப்பட்ட சப்ளையர்கள், உள் ஆட்களோடு தொடர்புள்ளவர்கள்: இவற்றைப் பெயர் சொல்லி எடுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று பேப்பரில் ஒரு வரி எழுதுங்கள். கிடைத்ததை மொத்தத்துக்கும் பரப்பாதீர்கள்.

கைக்கு வந்ததைக் குலுக்கல் என்று சொல்வது

ஃபைலைத் திறந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பது குலுக்கல் அல்ல. கை முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் தவிர்க்கும், இணைப்புகள் நிறைந்த தடித்த பில்லைத் தாண்டிப் போகும். புள்ளியியல் இல்லாத சாம்பிளுக்கு இப்படி எடுக்க ஐ.எஸ்.ஏ. 530 இடம் தருகிறது. புள்ளியியல் முடிவுக்குத் தரவில்லை.

எக்செலில் RAND() போட்டு எடுக்கிறீர்களா? அந்த எண்களை உடனே மதிப்பாக ஒட்டிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கணக்கீட்டிலும் அது மாறிவிடும். நாளைக்கு மேனேஜர் கேட்கும்போது அதே 60ஐக் காட்ட முடியாது.

பட்டியலைக் கூட்டிப் பார்க்காமல் சாம்பிள் எடுப்பது

பர்சேஸ் ரிஜிஸ்டர் மொத்தம் லெட்ஜரோடு ஒத்துப்போன பிறகே எடுங்கள்.

விட்டுப்போன பில்லை ரிஜிஸ்டரிலேயே தேடுவது

பதிவாகாத பில் ரிஜிஸ்டரில் இருக்காது. அதற்கு ஜி.ஆர்.என். பக்கத்திலிருந்தும், வருட முடிவுக்குப் பிறகு போன பணத்திலிருந்தும் தொடங்க வேண்டும். குறைத்துப் பதிவான பில் பண அலகு சாம்பிளில் சிக்குவதும் கடினம்.

பில் கிடைக்கவில்லை என்று பக்கத்துப் பில்லை எடுப்பது

ரத்தான பில் என்று உறுதியானால் மட்டும் மாற்றுப் பில் எடுக்கலாம். காணாமல் போன பில்லுக்கு மாற்று ஆதாரமும் கிடைக்கவில்லை என்றால் அது பிழைதான். எண்ணிக்கையில் சேருங்கள்.