மூக்கு மினுங்கினால் முதலில் பவுடரைத் தொடாதீர்கள்

மதியம் நெற்றியும் மூக்கும் பளபளத்தால், முதலில் பிளாட்டிங் பேப்பரால் எண்ணெயை ஒற்றி எடுங்கள். அதன்பிறகே செட்டிங் பவுடர். தேய்க்கக் கூடாது. தாளை வைத்து சில விநாடி அழுத்தி, அப்படியே தூக்கினால் எண்ணெய் மட்டும் தாளோடு வரும், ஃபவுண்டேஷன் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

எண்ணெய் மேலேயே பவுடர் போட்டால் இரண்டும் குழைந்து மூக்கோரத்தில் திட்டுத்திட்டாகத் தேங்கும், சிலருக்கு நிறமும் கருத்துத் தெரியும். ஒற்றிய பிறகு மெல்லிய பூச்சே போதும்: பஃபில் கொஞ்சமாக எடுத்து, அதிகமானதை உதறிவிட்டு, நெற்றி நடுவிலும் மூக்கிலும் மட்டும் அழுத்துங்கள். கன்னத்துக்கு வேண்டாம்.

செட்டிங் ஸ்ப்ரேயின் முக்கிய வேலை எண்ணெயை உறிஞ்சுவதல்ல, மேக்கப்பைப் பிடித்து வைப்பதுதான். அதனால் அது காலையில் கடைசியாக அடிக்க வேண்டியது. ‘மேட்’ வகையாகப் பார்த்து வாங்குங்கள். ‘டியூயி’ என்றால் பளபளப்பைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

முகத்தில் இருப்பது வியர்வை என்றால் சாதாரண டிஷ்யூவால் ஒற்றினாலே போதும். தோல் உரிந்திருக்கும் இடத்தில் பவுடர் வேண்டாம், செதில்கள் எடுப்பாகத் தெரியும். ஃபிளாஷில் படம் எடுக்கப்போகிறீர்கள் என்றால், சிலிக்கா அதிகமுள்ள வெள்ளைப் பவுடரைத் தவிருங்கள். படத்தில் வெள்ளைத் திட்டாக விழலாம்.