நடுராத்திரியில் யாரையும் எழுப்பாத நினைவூட்டல்

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு கூகுள் காலெண்டரில் நினைவூட்டல் அனுப்பும்போது மணி குறிக்காதீர்கள். All day என்று போட்டு அழைப்பு அனுப்புங்கள். மணி குறித்தால் எல்லா ஊரிலும் அதே நொடியில் மணியடிக்கும். சேலத்தில் காலை 9 என்றால் கோடையில் நியூஜெர்சியில் இரவு 11:30, பாவம். நாள் முழுக்க என்று போட்டால் தேதி மட்டும்தான் போகும். அவரவர் ஊர் நேரப்படி ஒலிக்கும். அதற்கு ஒவ்வொருவரும் தங்கள் அமைப்புகளில் முழுநாள் நிகழ்வுக்கான அறிவிப்பை ‘முந்தைய நாள் காலை 9’ என்று ஒருமுறை வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சத்தமே வராமல் போகலாம்.

முந்தைய நாள் என்பது முக்கியம். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் புதன் காலை 6 மணிக்கு நம் வீட்டு அபிஷேகம் என்று வையுங்கள். நியூஜெர்சியில் அப்போது செவ்வாய் இரவு 8:30. அன்றே என்று வைத்தால், எல்லாம் முடிந்தபிறகுதான் அங்கே ஒலிக்கும். சிட்னி அத்தைக்கும் செவ்வாய் காலையிலேயே வந்துவிடும்.

வீடியோ காலில் எல்லாரும் ஒரே சமயம் சேர வேண்டுமென்றால் இது உதவாது. அதற்கு மணி குறித்தே ஆக வேண்டும். அப்புறம், காலெண்டரின் நேர மண்டலத்தை இன்னும் இந்தியா என்றே வைத்திருப்பவருக்கு இந்திய நேரப்படிதான் ஒலிக்கும், நியூஜெர்சியில் அது ராத்திரி. முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.