ஒயரில் மோதினால் உடனே தெரியும், வைஃபையில் ஏன் தெரியாது?

பழைய வண்ணாரப்பேட்டையில் நிறையப் பார்க்கலாம் இப்படி ஒரு வீட்டை: கீழே கடை, முதல் மாடியில் ரூட்டர், இரண்டாம் மாடியில் படிக்கிற பிள்ளையின் லேப்டாப். இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் அனுப்பும் சிக்னல்கள் மோதினால் என்ன ஆகும் என்பதை இந்த வீட்டை வைத்தே பார்ப்போம்.

படி 1: ஒயரில் நடப்பது

பழைய ஈதர்நெட்டில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே கேபிள், வேகம் வினாடிக்கு 1 கோடி பிட். கேபிள் அமைதியாக இருந்தால் அனுப்பலாம். ஒரே நேரத்தில் இருவர் அனுப்பினால் மின்னழுத்தம் கூடிவிடும். அனுப்பிக்கொண்டே கவனிக்கிற நெட்வொர்க் கார்டு அதைக் கண்டதும் நிறுத்தி, 32 பிட் எச்சரிக்கை சிக்னல் விட்டு, குலுக்கல் முறையில் காத்திருக்கும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கடைசி முனையில் நடந்த மோதலின் தடயம் திரும்பி வரும்வரை நாம் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் முடித்துவிட்டால் மோதியதே தெரியாது. அதனால்தான் ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டான ஃபிரேம் குறைந்தது 64 பைட், அதாவது 512 பிட், இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். அதை அனுப்ப 51.2 மைக்ரோவினாடி ஆகும். கேபிளின் மொத்த நீளத்துக்கு வரம்பு வந்ததும் இதனால்தான். இன்றைய ஸ்விட்சில் ஒவ்வொருவருக்கும் தனி ஒயர், போக வர தனிப் பாதை; அங்கே மோதலே இல்லை.

படி 2: வைஃபையில் நடப்பது

லேப்டாப் 100 மில்லிவாட்டில் அனுப்புகிறது என்று வையுங்கள். ரூட்டரிடமிருந்து வரும் சிக்னல் -70 dBm, அதாவது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு, என்றால், சொந்த சிக்னல் அதைவிட நூறு கோடி மடங்கு பெரியது. அனுப்பும்போது வேறு எதுவும் காதில் விழாது. எனவே மோதலை முன்கூட்டியே தவிர்க்கப் பார்க்கிறது: காற்று சும்மா இருந்தாலும் சற்றுப் பொறுத்து, 0 முதல் 15 வரை ஒரு எண்ணை எடுத்து, அத்தனை 9 மைக்ரோவினாடித் துண்டுகள் காத்திருந்து அனுப்பும். கிடைத்தது என்று ரூட்டர் பதில் தராவிட்டால் தொலைந்ததாக எடுத்துக்கொண்டு, அடுத்த முறை 0 முதல் 31 வரை எடுக்கும்.

படி 3: மறைந்திருக்கும் ஆள்

கடைக் கம்ப்யூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் தளம். ரூட்டர் இருவருக்கும் கேட்கும்; ஒருவருக்கொருவர் கேட்காது. காற்று காலி என்று இருவருமே நம்பி அனுப்ப, மோதல் ரூட்டரிடம் நடக்கிறது.

படி 4: கண்டுபிடிப்பது

லினக்ஸ் லேப்டாப்பில் பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்யும் முன்னும் பின்னும் இதை ஓட்டுங்கள் (கார்டின் பெயர் மாறலாம்):

```
iw dev wlan0 station dump
```

`tx retries` என்பது மறுபடி அனுப்பிய தடவைகள், `tx packets` என்பது அனுப்பிய பாக்கெட்டுகள்; இரண்டும் எவ்வளவு கூடின என்று கழித்து, பாக்கெட்டுகளோடு ஒப்பிட்டால் மறுமுயற்சி எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் கடையிலும் அப்லோட் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். மறுமுயற்சி இப்போது ஏறினால் மறைந்த ஆள் மேல் சந்தேகம் வரும்; ஆனால் இரைச்சலாலும் அது ஏறும். அதனால் லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுபோய், இரண்டும் அப்லோட் செய்யும்போது மறுபடி எண்ணுங்கள். அங்கே நன்றாகக் குறைந்தால், மாடியில் இருந்த சிக்கல் பெரும்பாலும் மறைந்த ஆள்தான்.

படி 5: சரிசெய்வது

```
sudo iw phy phy0 set rts 500
```

இனி 500 பைட்டுக்கு மேற்பட்ட ஃபிரேமுக்கு முன் 20 பைட் அனுமதிக் கோரிக்கை போகும். ரூட்டர் தரும் அனுமதி கடைக்கும் கேட்பதால் அது அடங்கியிருக்கும். மோதினாலும் வீணாவது அந்த 20 பைட்தான். கடையிலும் இதே அமைப்பு வேண்டும். சில கார்டுகள் இதை ஏற்காது. அப்போது கடைக்கு ஒரு ஒயர் இழுத்துவிடுவதே நல்லது.